பாயான் லெப்பாஸுக்குத் திரும்பியவர், பழைய ஆட்களை எங்கிருந்து பிடிப்பது?

கேள்வி: பினாங்குக்காரன். 2010 வரை பாயான் லெப்பாஸில் சிப் ஃபேக்டரி டெஸ்ட் இஞ்சினியர், பிறகு 14 வருடம் ஜெர்மனி. இப்போது குடும்பத்தோடு திரும்பிவிட்டேன். போனதிலிருந்து பழைய ஆட்கள் யாரோடும் பேசவில்லை. வேலை வேண்டும் என்றதும் போய் நிற்க வெட்கமாக இருக்கிறது. யாரை, எப்படிக் கூப்பிடுவது?

பதில்:

முதலில் ஒரு வேலையை நிறுத்தி வையுங்கள். கம்பெனிகளின் வலைத்தளத்தில் விண்ணப்பம் போடுவதையும், ஏஜெண்டுகளுக்கு ரெசுமே அனுப்புவதையும் சொல்கிறேன். திரும்பி வந்தவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே இதைச் செய்துவிட்டு, அப்புறம்தான் பழைய நண்பர்களைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். இங்குள்ள பெரிய ஃபேக்டரிகள் பலவற்றில், ஊழியர் ஒருவர் சிபாரிசு செய்த ஆள் வேலைக்குச் சேர்ந்தால் அவருக்கு ரெஃபரல் பணம் உண்டு. ஆனால் உங்கள் பெயர் அவர் வழியாக முதலில் உள்ளே போயிருக்க வேண்டும். நீங்களே ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால் உங்கள் பழைய சகாவுக்கு அந்தப் பணம் கிடைக்காது. ஏஜெண்ட் அனுப்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஆறு மாதமோ ஒரு வருடமோ உங்களை ‘என் ஆள்’ என்று அவர் உரிமை கொண்டாடும்படி ஒப்பந்தம் இருக்கும். உங்களை எடுத்தால் வருடச் சம்பளத்தில் ஒரு பங்கை அவருக்குக் கட்டவேண்டும் என்பதால் எச்.ஆர். இழுத்தடிக்கும். உதவ வந்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். நான் பல வருடம் டெஸ்ட் பிரிவுக்கு ஆள் எடுத்தவன். இந்தக் காரணத்தாலேயே நல்ல ஆட்கள் நழுவிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது, நீங்கள் விட்டுப்போன ஊர் இப்போது அதே பெயர்ப்பலகையோடு இல்லை. 2010-ல் நீங்கள் மனப்பாடமாக வைத்திருந்த கம்பெனி பெயர்களில் பாதி அதன்பிறகு மாறிவிட்டன. ஏஜிலெண்ட்டின் அளவைக் கருவிப் பிரிவு 2014-ல் கீசைட் ஆனது. அவாகோ 2016-ல் பிராட்காமை வாங்கி, வாங்கிய கம்பெனியின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. ஏ.எம்.டி.யின் பினாங்கு ஆலையில் பெரும்பங்கு அதே வருடம் சீனாவின் நான்டோங் ஃபுஜித்சு கைக்குப் போய், டி.எஃப்.-ஏ.எம்.டி. என்று பெயர் பெற்றது. ஆல்டெராவை இன்டெல் 2015-ல் வாங்கியது, இப்போது அது மறுபடி தனியாகப் பிரிந்திருக்கிறது. நீங்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்திருக்கக்கூடிய 93000 டெஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். எச்.பி. காலத்தில் பிறந்து, ஏஜிலெண்ட்டுக்குப் போய், 2006-ல் வெரிஜி ஆகி, 2011-லிருந்து அட்வான்டெஸ்ட் கையில் இருக்கிறது. உங்கள் மெஷினைப் பழுது பார்க்க வந்தவர் இடத்தைவிட்டு நகராமலே மூன்று விசிட்டிங் கார்டு மாற்றியிருப்பார்.

இதை நான் சும்மா சரித்திரமாகச் சொல்லவில்லை. பழைய மின்னஞ்சல் முகவரி ஒன்றுகூட வேலை செய்யாததைப் பார்த்துவிட்டு, ‘எல்லாரும் போய்விட்டார்கள், தொடர்பே அற்றுவிட்டது’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அற்றது முகவரிதான். ஆகவே ஒரு நோட்டில் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் அன்றிருந்த கம்பெனி, அதன் இன்றைய பெயர், அன்று அவர் பார்த்த வேலை, ஷிஃப்ட், மெஷின். லிங்க்ட்இன்னில் தேடும்போது பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுப் பாருங்கள். சிலர் பழைய பெயரையே வைத்திருப்பார்கள், சிலர் மாற்றியிருப்பார்கள். ஆளைக் கண்டுபிடிக்கத்தான் லிங்க்ட்இன். பேச்சுக்கு அது சரிவராது, ஃபேக்டரி ஆட்கள் பலர் அதைத் திறந்தே பல மாதம் ஆகியிருக்கும். கைப்பேசி எண் பழையதாக இருந்தாலும் உடனே கைவிட வேண்டாம். மலேசியாவில் 2008-லிருந்து எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறலாம் என்பதால், நிறையப் பேர் அதே 012, அதே 016 எண்ணைத்தான் இன்னும் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு சிம் போட்ட கைப்பேசியில் அந்த எண் நாட்டுக் குறியீடு இல்லாமல் சேமித்திருந்தால் வாட்சாப் ஆளைக் காட்டாது. முன்னால் +60 சேர்த்து, தொடக்கத்து பூஜ்யத்தை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்படித் திடீரென்று பத்து முகம் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். ஆனால் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ரீலோட் செய்யாமல் விட்ட பிரீபெய்ட் எண் வேறொருவர் கைக்குப் போயிருக்கலாம்.

இனி யாரை முதலில் என்பது. இங்கேதான் மனம் ஏமாற்றும். மிகவும் நெருங்கிப் பழகியவரை, ஒன்றாகத் தங்கியிருந்தவரை, முதலில் கூப்பிடத் தோன்றும். இல்லையென்றால் இப்போது டைரக்டர் ஆகிவிட்ட பழைய மேனேஜரை. இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து.

இதைக் குறித்து லெவின், வால்டர், மர்னிகன் என்ற மூவர் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பல வருடம் தொடர்பில்லாத பழைய ஆட்களிடம் வேலை சம்பந்தமாக யோசனை கேட்கும்படி, பணியில் இருக்கும் நிர்வாகிகளிடம் சொன்னார்கள். தினமும் பேசுகிறவர்கள் சொன்னதைவிடப் புதிய விஷயங்கள் இந்தப் பழைய ஆட்களிடமிருந்து வந்தன. காரணம் எளிது: நீங்கள் ஒரு பாதையில் போன காலத்தில் அவர்கள் வேறு பாதையில் போயிருக்கிறார்கள், அதே சமயம் பழைய நம்பிக்கை அழிந்துவிடவில்லை. அதே மூவர் 2015-ல் இன்னொன்றையும் சொன்னார்கள். யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் மனிதர்கள் தங்களுக்குச் சங்கடமில்லாதவரைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆனால் அதிகப் பயன் தருகிறவர் பெரும்பாலும் அவரல்ல.

பினாங்குக்கு அதைப் பெயர்த்துச் சொன்னால், நீங்கள் முதலில் தேட வேண்டியவர்கள் சப்ளையர் பக்கத்து ஆட்கள். டெஸ்டர், ஹேண்ட்லர் பழுது பார்த்த சர்வீஸ் இஞ்சினியர்கள், லோட்போர்டு செய்து கொடுத்த கடைக்காரர், சாக்கெட், புரோப் கார்டு விற்ற சேல்ஸ்காரர். உங்கள் பழைய சகாவுக்குத் தன் ஃபேக்டரியின் உள்பக்கம் மட்டும்தான் தெரியும். இவர்கள் ஒரே வாரத்தில் ஐந்தாறு ஃபேக்டரிக்குள் போய் வருகிறவர்கள். எங்கே புது மெஷின் இறங்குகிறது, எங்கே டெஸ்ட் மேனேஜர் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனார், எங்கே ஆட்களைச் சத்தமில்லாமல் குறைக்கிறார்கள் எல்லாம் விளம்பரம் வருவதற்கு முன்பே இவர்கள் காதுக்கு எட்டிவிடும். நீங்கள் வேலை கேட்டு வந்து நிற்கிறீர்கள் என்ற சங்கடமும் இவர்களிடம் குறைவு. நாளைக்கு நீங்கள் எங்காவது மேனேஜராக உட்கார்ந்தால் அவருக்கு வாடிக்கையாளர். இன்னொன்று, ஃபேக்டரி ஆட்கள் பலருக்கு இவர்கள் முகம்கூட நினைவில் இருக்காது. நினைவு வைத்துத் தேடி வந்தவனை அவர்கள் விடமாட்டார்கள்.

மூன்று வருடம் முன்பு ட்ரெஸ்டனிலிருந்து திரும்பிய ஒருவருக்கு இப்படித்தான் வழி திறந்தது. கூட இருந்து பார்த்ததால் விவரமாகச் சொல்கிறேன். அவர் ஜெர்மனி போவதற்கு முன் இங்கே கார்களுக்கான சிப்புகளை டெஸ்ட் செய்கிற இடத்தில் இருந்தவர். அப்படிப்பட்ட சிப்புகளைச் சாதாரண வெப்பநிலையில் மட்டும் டெஸ்ட் செய்தால் போதாது, -40 டிகிரியிலும் 125 டிகிரி அளவுக்கும் வைத்துச் செய்யவேண்டும். பினாங்கு மாதிரி ஈரக் காற்று உள்ள ஊரில் குளிர் டெஸ்ட் என்றால் தலைவலி. உலர்ந்த காற்று கொஞ்சம் குறைந்தாலும் ஹேண்ட்லருக்குள் பனி பிடித்து, சிப்பின் கால் சாக்கெட்டில் சரியாகப் படாமல், நல்ல சிப்பெல்லாம் கெட்டதாக விழும். அவர் அன்று ராத்திரி ஷிஃப்டில் இந்தப் பனியோடு மல்லுக்கட்டியபோது கூட இருந்தவர் ஒரு ஹேண்ட்லர் கம்பெனியின் சர்வீஸ் ஆள், பட்டர்வொர்த் தமிழர். அவரைத்தான் முதலில் தேடச் சொன்னேன்.

இவர் எழுதி வைத்திருந்த செய்தியைப் பார்த்தேன். ‘ஹலோ அண்ணே, எப்படி இருக்கீங்க? என்னை ஞாபகம் இருக்கா? உங்களோடு கொஞ்சம் பேசணும்.’ இதை அனுப்பியிருந்தால் பதில் வந்திருக்காது. மலேசியாவில் இப்போது தெரியாத எண்ணிலிருந்து ‘என்னை ஞாபகம் இருக்கா’ என்று வந்தால் மோசடிக்காரன் என்றுதான் எவனும் நினைப்பான். அதற்கென்றே 997 என்ற எண் வைத்து அரசாங்கம் மோசடித் தடுப்பு மையம் நடத்துகிற காலம் இது. அதிலும் +49 எண்ணிலிருந்து வந்தால் பேச்சே வேண்டாம், பிளாக். ஆகவே முதல் வேலை உள்ளூர் எண் ஒன்று வாங்கி, வாட்சாப்பில் சொந்த முகத்தைப் படமாக வைப்பது. கோயில் கோபுரம், பூ, குழந்தை படம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். செய்தியில் லிங்க் எதுவும் இருக்கக்கூடாது, ரெசுமே கோப்பும் இருக்கக்கூடாது. முதல் வரியில் பெயர், அன்று உங்களை அங்கே எப்படிக் கூப்பிட்டார்களோ அந்தப் பெயர். இரண்டாவது வரியில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் அறிந்த ஒரு விஷயம். மோசடிக்காரனால் அதை எழுதவே முடியாது.

திருத்தி எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது. பெயருக்குப் பிறகு: ‘2008-ல் பி ஷிஃப்டில் குளிர் ஹேண்ட்லர் பனி பிடித்து நின்றபோது விடிய விடிய உங்களோடு கிடந்தவன். ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு பினாங்குக்கே வந்துவிட்டேன். இவ்வளவு நாள் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தது என் தப்புதான் அண்ணே. ஒரு விஷயம் உங்களைக் கேட்டால்தான் தெரியும். கார் சிப்புகளுக்குக் குளிர் டெஸ்ட் இப்போது தீவில்தான் அதிகமா, பத்து காவானுக்குப் போய்விட்டதா? அவசரமில்லை, முடிந்தபோது சொல்லுங்கள்.’

இதில் கவனிக்க வேண்டியது கடைசிக் கேள்விதான். ‘வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று கேட்டால் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. ‘பார்க்கிறேன் தம்பி’ என்பார், அதோடு பேச்சு முடிந்தது. அவருக்கு ஒரு நிமிடத்தில் பதில் தெரிகிற, அவர் தொழிலில் அவருக்குப் பெருமை இருக்கிற ஒன்றைக் கேட்டால் எழுதாமல் இருக்கமாட்டார். அந்தப் பட்டர்வொர்த்காரர் எழுதவில்லை, அன்று சாயங்காலமே போன் செய்து அரை மணி நேரம் பேசினார். பேச்சின் பாதி யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான். பழைய சகா ஒருத்தி பத்து காவானில் புது லைன் ஒன்றைத் தொடங்குகிறார், குளிர் டெஸ்டில் யீல்டு வராமல் தவிக்கிறார் என்பது அதில் ஒரு வரியாக வந்து விழுந்தது.

அந்த வரிதான் ட்ரெஸ்டன்காரருக்கு வேலை கொடுத்தது. ஆனால் உடனே ‘அந்த அம்மா நம்பர் கொடுங்கள்’ என்று கேட்டிருந்தால் கெட்டிருக்கும். ஒருவர் எண்ணைக் கேட்காமல் கொடுப்பது இங்கேயும் இப்போது மரியாதை இல்லை. ‘நான் கூப்பிடலாமா என்று நீங்கள் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்ல முடியுமா’ என்றார். இரண்டு நாளில் அந்த அம்மாவே செய்தி அனுப்பினார். அவர் சீனர், ஆகவே அதன்பின் எல்லாம் ஆங்கிலத்தில். உங்கள் பட்டியலிலும் தமிழர்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். மலாய்க்கார நண்பருக்கு மலாயில் இரண்டு வரி எழுதினால் வரும் பதிலின் சூடே வேறு. வெளிநாட்டில் இருந்து மலாய் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.

நேரில் சந்திப்பதைப் பற்றிச் சுருக்கமாக. 2014-ல் இரண்டாவது பாலம் திறந்தபிறகு வேலைகள் பெருமளவு பத்து காவான் பக்கம் பெருகிவிட்டன. அங்கே வேலை செய்கிறவரை மதியம் சுங்கை நிபோங்குக்கு நாசி கண்டாருக்குக் கூப்பிடாதீர்கள், அவர் பாலத்தைக் கடந்து வந்து திரும்புவதற்குள் ஷிஃப்ட் மீட்டிங் போய்விடும். நீங்கள் போங்கள். வெள்ளிக்கிழமை மதிய இடைவேளை நீளம், ஆனால் மலாய்க்கார நண்பருக்கு அது தொழுகை நேரம். பழைய மேனேஜருக்கு இதற்கிடையில் டத்தோ பட்டம் கிடைத்திருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். அவர் கண்டுகொள்ளமாட்டார், பக்கத்தில் இருப்பவர் கண்டுகொள்வார். உட்கார்ந்ததும் ‘ஜெர்மனியில் எல்லாம் இப்படி இல்லை’ என்ற பேச்சு வாயில் வரும். இங்கேயே இருந்து கோவிட் காலத்திலும் லைனை ஓட்டியவர் முன்னால் அது எப்படிக் கேட்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே கற்றது பற்றி அவரே கேட்பார். கேட்டால் மெஷினைப் பற்றிச் சொல்லுங்கள், நாட்டைப் பற்றி வேண்டாம்.

ட்ரெஸ்டன்காரர் அந்த அம்மாவைப் பார்க்கப் போனபோது ரெசுமே எடுத்துப் போகவில்லை. யீல்டு எங்கே விழுகிறது என்று கேட்டார். கெட்டதாக விழுந்த சிப்புகளை மறுபடி டெஸ்டில் போட்டால் எத்தனை நல்லதாக வருகிறது, அது ஷிஃப்ட் தொடங்கும்போது அதிகமா, கதவைத் திறந்து மூடியபின் அதிகமா என்று கேட்டார். மறு டெஸ்டில் நிறையத் தேறுகிறது என்றால் குறை சிப்பில் இல்லை, தொடுகையில்தான் என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். அந்த அம்மா பேசிக்கொண்டே நாப்கினில் கிராஃப் போட்டுக் காட்டினாராம். பேச்சு முடிந்து எழுந்தபோது அவரேதான் ‘உன் ரெசுமேயை எனக்கு அனுப்பு, வேறு எங்கும் போடாதே’ என்றார். நான் முதலில் சொன்ன ரெஃபரல் சங்கதி இங்கேதான் வந்து உட்கார்ந்தது. ட்ரெஸ்டன்காரர் அதுவரை எங்கும் விண்ணப்பம் போட்டிருக்கவில்லை.

வேலை உறுதியான அன்றே அவர் பட்டர்வொர்த்காரருக்குச் சொன்னார். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வழி காட்டியவருக்கு மூன்றாம் ஆள் மூலம் செய்தி போய்ச் சேர்ந்தால், அடுத்த தடவை அவர் வாய் திறக்கமாட்டார். வேலை கிடைக்காமல் போனாலும் ‘பார்த்தேன் அண்ணே, அது சரிவரவில்லை’ என்று ஒரு வரி சொல்லிவிட வேண்டும்.

எல்லாரும் பதில் போடமாட்டார்கள். இரண்டு நீல டிக் விழுந்தும் பேச்சில்லை என்றால் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். பிறகு ஒரே ஒரு தடவை, கேள்வி எதுவும் இல்லாமல், ‘அன்று கேட்டது தெரிந்துவிட்டது அண்ணே, எப்போதாவது தே தாரிக் குடிக்கலாம்’ என்று எழுதி அவரை விடுவித்துவிடுங்கள். அதற்கே பதில் போடுகிறவர்கள் உண்டு. எல்லாருக்கும் ஒரே செய்தியை வெட்டி ஒட்டி அனுப்பாதீர்கள். பாயான் லெப்பாஸ் சின்ன ஊர், இரண்டு பேர் மதியச் சாப்பாட்டில் கைப்பேசியை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் உங்கள் கதை முடிந்தது. பழைய ஃபேக்டரி வாட்சாப் குழு எதிலாவது சேர்த்துவிட்டால், அங்கே வேலை பற்றி எழுதவே வேண்டாம். வணக்கம் சொல்லிவிட்டு, யார் எங்கே என்று மட்டும் பாருங்கள்.

வெட்கத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பேசாமல் இருந்ததற்கு நீண்ட விளக்கம் வேண்டாம், ஒரு வரி போதும். எதிரில் இருப்பவரும் உங்களுக்கு எழுதவில்லை, அவருக்கும் அதே கூச்சம்தான். ஆனால் ஒன்றில் கவனம். 14 வருடத்தில் சாவு வாழ்வு எல்லாம் நடந்திருக்கும். ‘அம்மா நல்லா இருக்காங்களா, அண்ணி எப்படி’ என்று அன்பாகக் கேட்கப்போய், இறந்து போனவரை விசாரித்துவிடாதீர்கள். முதல் ஆளிடம் பேசும்போதே மற்றவர்கள் வீட்டுச் செய்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள். துக்கம் நடந்த வீடு என்றால் முதல் பேச்சில் வேலை பற்றி எதுவுமே வேண்டாம், துக்கம் விசாரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சாதகமான நாட்களும் இருக்கின்றன. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு யாராவது கூப்பிட்டால் தவறாமல் போங்கள். தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் பக்கம் ஃபேக்டரி ஆட்கள் தண்ணீர்ப்பந்தல் போடுவார்கள். விடியற்காலையில் போய் நின்று மோர் ஊற்றிக் கொடுங்கள், எந்த லிங்க்ட்இன்னும் காட்டாத முகங்களெல்லாம் அங்கே வரும்.

அந்தப் பழைய மேனேஜரைக் கடைசிக்கு விடச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வேலை முடிவாகும் கட்டத்தில் எச்.ஆர். உங்களைப் பற்றி விசாரிக்க உள்ளூரில் ஒரு பெயர் கேட்கும், ஜெர்மனி எண்ணுக்குப் போன் போட அவர்களுக்குச் சோம்பல். அதற்கு அவர்தான் சரியான ஆள். ஆனால் திடீரென்று எச்.ஆர். கூப்பிட்டு உங்கள் பெயரைச் சொன்னால் அவர் தடுமாறிவிடுவார். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் அவரைக் கூப்பிட்டு, எந்த வேலை, எந்தக் கம்பெனி, அவர் கீழே நீங்கள் எந்த வருடம் என்ன செய்தீர்கள் என்று நினைவுபடுத்தி, பெயரைக் கொடுக்கலாமா என்று அனுமதி கேளுங்கள்.

கடைசியாக, இதைப் படிக்கிற, இன்னும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவல். அரசாங்க அமைப்பான டேலண்ட்கார்ப்பின் திரும்பிவரும் நிபுணர் திட்டத்தில், தகுதி உள்ளவர்களுக்குச் சம்பள வருமானத்துக்கு ஐந்து வருடம் 15 விழுக்காடு என்ற நிலையான வரி உண்டு. ஆனால் திரும்புவதற்கு முன்பே, அங்கே வேலையில் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே பழைய ஆட்களுக்கு எழுதுவதையும் விமான டிக்கெட் போடுவதற்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.